முடியாதவர்கள் 0 போடவும்

இரண்டு கையும் கூப்பியிருப்பது போல ஒரு சின்னப் படம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கோடையில், ஒரே நாளில், ஐம்பது பேருக்குக் குறையாமல் அதை எனக்கு அனுப்பினார்கள். நான் கேட்டது கும்பிடு இல்லை. ஆள்.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. பிறந்த ஏழெட்டு மாதத்திலேயே தலசீமியா என்று சொல்லிவிட்டார்கள். அவள் உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை அவள் உடம்பே ஒழுங்காகச் செய்துகொள்ளாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குக் கூட்டிப் போய், முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த சிவப்பணுக்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஏற்றிய வாரம் தெருவே அவளுடையதுதான். ஓடுவாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அடித்துவிட்டு வருவாள். மூன்றாம் வாரக் கடைசியில் மாடிப்படி பாதியிலேயே உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். டெஸ்ட் எடுக்காமலேயே அவள் உதட்டைப் பார்த்து ரத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும்.

நானும் என் வீட்டுக்காரரும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். இருவர் உடம்பிலும் பாதி பாதியாக இருந்த குறை அவளிடம் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் ரத்தத்தைக் கொடுக்கலாம் என்றால் அதுவும் ஆகாது. எங்கள் இருவருக்கும் அளவு எப்போதும் குறைவு. விரலில் குத்திப் பார்த்ததுமே எழுந்துபோகச் சொல்லிவிடுவார்கள்.

அவர் லாரி ஓட்டுகிறார். மகளுக்கு ஒரு வயதாக இருக்கும்போது ஒருமுறை வார்டுக்கு வந்தார். நர்ஸ் அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் மாற்றி மாற்றிக் குத்தியதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வெளியே போனார். அதற்கப்புறம் அந்த வார்டுக்குள் அவர் காலெடுத்து வைக்கவே இல்லை. ரத்தம் ஏற்றும் நாள் நெருங்கினால் அவருக்கு ஆந்திராவிலோ கர்நாடகாவிலோ ஒரு லோடு தயாராக இருக்கும். “இந்தத் தடவையாச்சும் வாரீங்களா?” என்று கேட்டால், “பாக்கலாம்” என்பார். ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் மகளும் சேலத்துக்குப் போனபோது ரத்தம் இல்லை. ரத்த வங்கியில் முகாம் வேலைகளைப் பார்க்கும் பெண் ஒருத்தி உண்டு. எங்களை நன்றாகத் தெரிந்தவள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, ஓ பாசிட்டிவ் ஒரு பை கூட இல்லைக்கா. இருந்ததும் விடியக்காலம் ஒரு பிரசவ கேஸுக்குப் போயிடுச்சு. காலேஜெல்லாம் லீவு விட்டாச்சு. முகாமே நடக்கல. மத்த ஊர்லயும் கேட்டுட்டோம், எல்லா இடத்துலயும் இதே கதைதான்.”

மருத்துவர் மகளைப் பரிசோதித்துவிட்டு, ஒரு வாரம் வேண்டுமானால் தள்ளலாம், அதற்கு மேல் இதயத்துக்கு ஆகாது என்றார். அவர் எவ்வளவோ மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காதுக்குள் அடித்துச் சொன்னது போலிருந்தது.

அந்தப் பெண்தான் வழி சொன்னாள். வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த முகாம் ஒன்று ரத்தாகியிருந்தது. டாக்டர், நர்ஸ், டெக்னீசியன் எல்லோரும் அன்றைக்கு வேலையில் இருப்பார்கள். நான் இடமும் ஆட்களும் ஏற்பாடு செய்தால் நாமக்கல்லுக்கே வந்துவிடுவார்கள். ஞாயிறு எடுக்கும் ரத்தத்தைத் திங்கள் பரிசோதனை எல்லாம் முடித்து, செவ்வாய் மகளுக்கு ஏற்றிவிடலாம்.

“ஆனா எங்க டாக்டர் ஒரு கண்டிஷன் வெச்சிருக்காருக்கா. ரத்தம் குடுக்கறவங்க மட்டும் இருந்தா போதாது. வேலை பாக்க ஆளு வேணும். யாரு, எந்த வேலை, எந்த நேரம்னு வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள எழுதிக் குடுத்துடணும். இல்லைன்னா டீமை அனுப்ப மாட்டாரு.”

அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் ஏதோ ஒரு முகாமில் ஒரு பையன் ரத்தம் கொடுத்த கையோடு எழுந்து, பைக்கை எடுக்கப் போய், வாசற்படியில் மயங்கி விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டானாம். பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஒரு நாதி இல்லை. அதிலிருந்து அந்த டாக்டர் ஆள் இல்லாத முகாமுக்கு வருவதில்லை. நியாயம்தான். என் தலையில் விடியும் நியாயம்.

நாங்கள் பேசியது மகள் காதில் விழுந்திருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

“அம்மா, எனக்கு இருந்தது யாருக்குப் போச்சு?”

“ஒரு அம்மாவுக்கு சாமி. பாப்பா பொறக்கறப்ப அவங்களுக்கு ரத்தம் நெறையப் போயிருச்சாம்.”

“அந்தப் பாப்பா நல்லா இருக்குதா?”

தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. நல்லா இருக்குது என்றேன்.

நான் வேலை பார்ப்பது சேலம் ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில். யாருக்கு எங்கே சரக்கு போக வேண்டும், எந்த லாரி எங்கே காலியாக நிற்கிறது என்று பார்த்து இரண்டையும் சேர்த்து வைப்பது எங்கள் தொழில். முதலாளி நல்ல மனிதர், சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குத் தெரிந்த கல்யாண மண்டபத்தை ஞாயிறு மதியம் வரை கேட்டு வாங்கிக் கொடுத்தார். ரத்தம் கொடுப்பவர்களைப் பிடிப்பதும் நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. எங்கள் ஆபீசைச் சுற்றி லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள். வெல்டர்களும் தச்சர்களும் நல்ல தாட்டியான ஆட்கள், ஞாயிறு லீவு. பட்டறைக்கு இத்தனை பேரை அனுப்புகிறோம் என்று மேஸ்திரிகள் ஒப்புக்கொண்டார்கள். படுத்து, கொடுத்து, ஜூஸ் குடித்துவிட்டுப் போகிற வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது. நின்று பார்க்கிற வேலைக்குத்தான் ஆள் இல்லை.

செவ்வாய் சாயங்காலமே எங்கள் லாரிக் குழுவில் ஒரு செய்தி போட்டேன். ஓனர்கள், டிரைவர்கள், புக்கிங் ஆட்கள், பட்டறைக்காரர்கள் என்று முந்நூறு பேருக்குப் பக்கம் இருக்கிற குழு அது. என் வீட்டுக்காரரும் அதில் உண்டு. உட்கார்ந்து, அழித்து அழித்து எழுதினேன். ரத்தத்துக்கு மாற்று இல்லை என்று எழுதினேன். உங்கள் ஒரு மணி நேரம் ஒரு குழந்தையின் உயிர் என்று எழுதினேன். முகாமை நல்லபடியாக நடத்த அன்புள்ளம் கொண்டவர்கள் முன்வர வேண்டும் என்று முடித்தேன். அந்தக் குழந்தை யார் என்று எழுதவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அதற்குத்தான் கும்பிடுகள் வந்து குவிந்தன. நடுநடுவே பூங்கொத்து. ஒருவர் ‘வாழ்க வளமுடன்’ என்றார். இன்னொருவர் அன்றைய ராசிபலனை அதே சூட்டோடு போட்டுவிட்டார். மகளைப் படுக்க வைத்துவிட்டு, போன் ஒவ்வொரு முறை சிணுங்கும்போதும் பாய்ந்து எடுத்துப் பார்ப்பேன். கும்பிடு. எடுப்பேன். கும்பிடு. என் அழுகையெல்லாம் வற்றிப்போய் ஆங்காரம்தான் மிஞ்சியது.

புதன்கிழமை ஒவ்வொருவராகப் போன் போட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு. அதனால் எல்லோரும், “அதுக்கென்னங்க, பாக்கலாமுங்க” என்றார்கள். “பையன்கிட்டச் சொல்லி உடறேனுங்க” என்றார்கள். “உங்களுக்கு இல்லாததுங்களா?” என்றார்கள். இந்த மூன்றுக்கும் ஒரே அர்த்தம்தான். இருந்தாலும் ஆசை யாரை விட்டது. இவர் வருவார், அவர் அநேகமாக வருவார் என்று ஒரு தாளில் எழுதி, அன்று இரவுக்குள் ரத்த வங்கிப் பெண்ணிடம் படித்துக் காட்டினேன்.

“அக்கா, இதுல வாசல் கேட்டுக்கு ஆறு பேரு இருக்காங்க. ரத்தம் குடுத்தவங்க ஓய்வெடுக்கற இடத்துக்கு உங்க பேரு மட்டும்தான் இருக்கு. பதிவு மேசையிலயும் உங்க பேரு. போன் பண்றதுக்கும் உங்க பேரு. ஒரு ஆளு ஒரு இடம்தான்க்கா.”

“நான் ஓடி ஓடிப் பாத்துக்குவேனுங்க.”

“ஓடற ஆளை டாக்டர் கணக்குல சேக்க மாட்டாருக்கா. மயக்கம் வர்றவன் நீங்க திரும்பி வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்க மாட்டான்.”

அவள் சொன்னது சரி. போனை வைத்துவிட்டு அவளைத் திட்டினேன். சரியாகச் சொல்பவர்களைத் திட்டுவதில் எனக்கு எப்போதும் ஒரு சுகம்.

வியாழக்கிழமை காலை மகளுக்கு லேசாகக் காய்ச்சல். ஆபீசுக்கே கூட்டிக்கொண்டு போய், பின்னறையில் பெஞ்சில் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். முதலாளி முன்னறையிலிருந்து சத்தம் போட்டார். அவசரமாக ஒரு லோடு வந்திருக்கிறது, வண்டி வேண்டும். நான் பழக்கதோஷத்தில் அதே குழுவில் தட்டினேன்.

‘லோடு: நாமகிரிப்பேட்டை – நாக்பூர். ஜவ்வரிசி மூட்டை. நாளை காலை ஏற்றணும். வண்டி நம்பர், வரும் நேரம் மட்டும் போடவும்.’

போனைக் கீழே வைப்பதற்குள் பதில்கள். ‘வண்டி இல்லை.’ ‘இல்லை.’ ‘சனிக்கிழமைதான் காலி.’ ‘வண்டி வொர்க்‌ஷாப்பில்.’ பிறகு ஒரு வண்டி நம்பர், காலை ஆறு மணி. முடிந்தது வேலை.

நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று முழுக்க என்னிடம் “பாக்கலாமுங்க” என்று இழுத்த அதே ஆட்கள், இன்றைக்கு ஒரே வார்த்தையில் இல்லை என்று அடித்துவிட்டுப் போகிறார்கள். யாருக்கும் மனசு புண்படவில்லை. யாருக்கும் மரியாதை குறையவில்லை. ஏனென்றால் நான் அன்புள்ளத்தைக் கேட்கவில்லை. வண்டி கேட்டேன். எங்கிருந்து எங்கே, எப்போது, எவ்வளவு என்று தெரிந்தால் அவர்களுக்கு உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல வாய் வருகிறது. நான் அவர்களிடம் எதைச் செய்யச் சொன்னேன்? ஒன்றையும் சொல்லவில்லை. நல்லவர்களாக இருங்கள் என்றேன். அவர்களும் கும்பிட்டுவிட்டு நல்லவர்களாகவே இருந்துகொண்டார்கள்.

அங்கேயே உட்கார்ந்து லோடு போடுவது போலவே எழுதினேன்.

‘ஞாயிறு ரத்ததான முகாம். மண்டபம், சேலம் ரோடு. வேலைக்கு ஆள் தேவை.
1. கேட்டில் வண்டி நிறுத்த, வழி காட்ட
2. பதிவு மேசை, படிவம் எழுத உதவி
3. எடை, ரத்த அளவு பார்க்கும் இடத்தில் வரிசை
4. படுக்கைக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வர
5. ரத்தம் கொடுத்தவர் ஓய்வெடுக்கும் இடம். ஜூஸ், பிஸ்கட் கொடுத்து, கால்மணி நேரம் எழவிடாமல் பார்க்க. (நேரத்துக்கு 2 பேர்)
6. பெயர் கொடுத்தவர்களுக்குப் போன் செய்து வரச் சொல்ல
நேரம்: கா = 7 முதல் 10. ம = 10 முதல் 1. இரண்டும் என்றால் ‘முழு’.
பதில் இப்படி மட்டும்: பெயர், எண், நேரம்.
முடியாதவர்கள் 0 போடவும். தப்பில்லை.’

முதலாளி என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.

“ஏனம்மிணி, பூஜ்யம் போடச் சொல்லிக் கேக்கறியே. அத்தனை பேரும் அதையேதான் போடுவானுங்க.”

அப்படியேதான் ஆயிற்று. 0. 0. 0. வரிசையாக விழுந்தது. முதலாளி என்னைப் பார்க்காமல் வெளியே போய் ஒரு டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னறையில் மகள் தூக்கத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது கேட்டது. கும்பிடாவது பொய்யாக ஒரு நம்பிக்கை கொடுத்தது, அதையும் நானே கெடுத்துக்கொண்டேனே என்று நினைத்தேன்.

பதினைந்து இருபது பூஜ்யத்துக்கு நடுவே ஒரு கேள்வி வந்தது. ஓமலூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர். ‘வேலைக்கு வந்தா ரத்தமும் குடுத்தே ஆகணுமுங்களா? எனக்கு ஞாயிறு ராத்திரி வண்டி எடுக்கணும்.’

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. தூர வண்டி ஓட்டுபவர்கள் ரத்தம் கொடுத்தால் அடுத்த ஒரு நாளாவது ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. ராத்திரி தூங்காதவர்களிடம் எடுக்கவே மாட்டார்கள். முகாமுக்கு வந்தால் பிடித்துப் படுக்க வைத்துவிடுவார்கள், பிறகு வண்டி எடுக்க முடியாது என்று டிரைவர்கள் பயந்திருக்கிறார்கள். கேட்க வெட்கப்பட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள்.

உடனே ஒரு வரி சேர்த்தேன். ‘வேலைக்கு வருபவர் ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. வண்டி எடுக்க இருப்பவர்கள் கொடுக்கவும் கூடாது. வேலை மட்டும்.’

ஓமலூர்க்காரர்தான் முதலில் போட்டார். ‘1, கா.’ பிறகு ‘4, ம’ என்று ஒரு கிளீனர். ஒரு டயர் கடைக்காரர் ‘6, முழு, எம்பட போன்லயே பண்ணிக்கறேன்’ என்றார். முன்பு 0 போட்ட ஒருவர், ‘0 இல்லை, 3 கா’ என்று மாற்றினார். இன்னொருவர், ‘வேலைக்கு 0. ஆனா ரத்தம் குடுக்க வாரேன்’ என்றார். இல்லை என்று சொல்லிவிட்டதும் அவருக்கு மனசு லேசாகி, தன்னால் எது முடியும் என்று யோசிக்க முடிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஐந்தாம் எண்ணைத் தவிர எல்லாம் நிறைந்துவிட்டது.

ஐந்துக்குக் காலையில் ஒருத்தி, மதியம் ஒருத்தி இருந்தார்கள். இருவரும் எருமப்பட்டிப் பக்கம் முட்டை பேக்கிங்கில் வேலை செய்பவர்கள். இரண்டு நேரத்துக்கும் இன்னும் ஒவ்வொருவர் வேண்டும். ஆண்கள் யாரும் அந்த எண்ணைத் தொடவில்லை. லாரியை மலையிலிருந்து இறக்குவார்கள், பக்கத்தில் ஒருவன் கண் சொருகினால் இவர்களும் சேர்ந்து விழுவார்கள். நானே நிற்கலாம் என்றால், மகளை மண்டபத்து மணப்பெண் அறையில் படுக்க வைத்துவிட்டு நடுநடுவே ஓடிப் போய்ப் பார்ப்பதாகத்தான் என் திட்டம். ஓடுகிற ஆள் கணக்கில் சேராது.

மணி நாலைத் தாண்டியது. ரத்த வங்கிப் பெண் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். “டாக்டர் அஞ்சரைக்குக் கெளம்பிடுவாருக்கா.” நான் போனைப் பிடித்துக்கொண்டு எந்தெந்தச் சாமியையோ கூப்பிட்டேன். என் மகளுடைய ஒரு வாரம் ஜூஸ் மேசைக்கு ஆள் இல்லாமல் போய்விடுமா என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு முதலாளி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அப்போது என் வீட்டுக்காரரின் பதில் குழுவில் விழுந்தது. அவர் விஜயவாடாவில் சரக்கை இறக்கிவிட்டு, திரும்பி வர லோடுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

‘7, முழு.’

ஏழு. நான் எழுதியதே ஆறு வேலைதான். மூன்று நாளாகக் குழுவில் வாயைத் திறக்காத மனிதர், கடைசி நேரத்தில், முந்நூறு பேர் பார்க்கிற இடத்தில், இல்லாத எண்ணைப் போட்டிருக்கிறார். பத்து வரி படிக்கக்கூட இந்த ஆளுக்குப் பொறுமை இல்லையா? அதற்குக் கீழே யாரோ ஒருவன் சிரிக்கிற படம் வேறு போட்டுவிட்டான். நான் கொதித்துப் போய்க் கூப்பிட்டேன்.

“ஏனுங்க, வெளையாடறதுக்கு வேற நேரமே கெடைக்கலீங்களா உங்களுக்கு? ஏழுன்னு ஒண்ணு எங்கீங்க இருக்குது? முடியலீன்னா ஜீரோ போட வேண்டியதுதானே? ஒம்பது வருசமா அதைத்தானே போட்டுட்டு இருக்கறீங்க!”

முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார். என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை.

“நல்லாப் படிச்சுத்தான் போட்டேம்புள்ள. ரெண்டு நாளா அதைத்தான் திருப்பித் திருப்பிப் படிச்சுட்டு இருக்கறேன். கேட்டுக்கு ஆளு போட்டிருக்கற. வரிசைக்குப் போட்டிருக்கற. சூஸ் குடுக்கப் போட்டிருக்கற.”

“போடாம?”

“பாப்பாகூட இருக்கறதுக்கு ஆளே போடலையே நீ.”

மேசையில் கிடந்த பட்டியலை இழுத்துப் பார்த்தேன்.

“காச்சலோட கெடக்கற புள்ளையை அத்தனை கூட்டத்துல கொண்டுபோய்ப் படுக்க வெப்பியா? அதான் ஏழுன்னு போட்டேன். ஊட்ல நான் இருக்கறேன். நீ அங்க நில்லு.”

“லோடு இன்னும் வல்லீன்னீங்களே.”

“காலியாத்தான் வாரேன். ஓனர்கிட்டச் சொல்லீட்டேன். இப்பக் கெளம்பறேன்.”

நான் அழுதேன். ஆபீஸ் என்றும் பார்க்கவில்லை, போனில் அவர் கேட்கிறார் என்றும் பார்க்கவில்லை. முந்நூறு பேரிடம் வேலை பிரித்துக் கேட்ட எனக்கு, எந்த வேலைக்காக இத்தனையுமோ அந்த வேலைக்கு ஆள் போடத் தோன்றவில்லை. அது என்னுடையது, அதற்கு ஆள் கேட்க முடியும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. அவரிடம் அதை ஒரு வேலையாக, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று நான் கேட்டதே இல்லை. வாரீங்களா என்றுதான் கேட்டிருக்கிறேன். அதற்கு அவருக்குத் தெரிந்த பதிலைச் சொன்னார். இதை நான் அவருக்காகப் பரிந்து சொல்லவில்லை. ஒன்பது வருடக் கோபம் ஒரு போன் பேச்சில் தீர்ந்துவிடாது. ஆனால் அன்றைக்கு எனக்கு மூச்சு வந்தது.

முகத்தைக் கழுவிவிட்டு, ஐந்தாம் எண்ணுக்கு நேரே என் பெயரை எழுதி ‘முழு’ என்று போட்டேன். மற்ற இடங்களில் என் பெயரை அடித்தேன். ஐந்து மணி வாக்கில் முழுப் பட்டியலையும் ரத்த வங்கிப் பெண்ணுக்கு அனுப்பினேன். “டாக்டர் சரின்னுட்டாருக்கா” என்று அவள் சொன்னபோது அவள் குரலும் ஒரு மாதிரி இருந்தது.

அவர் சனிக்கிழமை வந்து சேர்ந்தார். ஞாயிறு காலையில் நான் கிளம்பும்போது மகள் பக்கத்தில் கட்டிலோரமாக, பஸ்ஸில் இடம் கிடைக்காதவர் போல நுனியில் உட்கார்ந்திருந்தார். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், காய்ச்சல் ஏறினால் என்னைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மகள், “எனக்கே தெரியும், நானே சொல்லிக் குடுத்துக்கறேன்” என்றாள்.

முகாமைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாக நடந்த முகாமில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. ஓமலூர்க்காரர் ஏழு மணிக்கு முன்பே கேட்டில் நின்றார். 0 போட்டவர்களில் ஏழெட்டுப் பேர் ரத்தம் கொடுக்க வந்தார்கள், என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். சாப்பிடாமல் வந்த இரண்டு பேரை வரிசையில் நின்றவர் இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். பத்தரை மணிக்கு ஒரு வெல்டர், மலை மாதிரி ஆள், ஜூஸ் டம்ளரோடு எழுந்து, “எனக்கு ஒண்ணும் இல்லீங்க” என்று சொல்லிக்கொண்டே வெளுத்துப் போனார். நானும் முட்டை பேக்கிங் பெண்ணும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துச் சாய்த்துப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பிடித்தோம். நர்ஸ் ஓடி வந்தாள். ஐந்து நிமிடத்தில் அவர் கண்ணைத் திறந்து பிஸ்கட் கேட்டார். டாக்டர் தூரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வேலைக்குத் திரும்பினார். நான் அன்று ஒருமுறை கூட அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

செவ்வாய்க்கிழமை ரத்தம் வந்திருந்தது. எங்கள் முகாமில் எடுத்ததா, வேறா என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. அந்த வார்டில் பிள்ளைக்கு ஒருவர்தான் கூட இருக்கலாம். வழக்கம்போல நான் பையைத் தோளில் மாட்டினேன். அவர் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார். முகம் வேர்த்திருந்தது. மகள் அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நான் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். எந்த நிமிடமும் அவர் வெளியே வந்துவிடுவார் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நரம்பு தேடுகிற நேரம் இது என்று எனக்குத் தெரியும். கதவு திறக்கவில்லை. அரைமணி நேரம் கழித்துப் போன் சிணுங்கியது.

‘7. ஊசி குத்தியாச்சு. ஏறிட்டு இருக்குது. நேரம்: முடியற வரைக்கும்.’

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன், மறுபடியும் எழுதினேன், அழித்தேன். கடைசியில் அந்தக் கும்பிடுகிற கையைத் தேடி எடுத்து அவருக்கு அனுப்பினேன்.